பாக்கெட்டைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள்

மசாலா நிறுவனங்கள் நடத்தும் சமையல் வீடியோக்களில் பெரும்பாலும் ஒரே காட்சிதான் வரும். பளபளக்கும் அடுப்படி, புது வாணலி, சிரித்த முகத்தோடு ஒரு பெண்மணி. பத்தாவது நொடியில் பாக்கெட் கேமராவை நோக்கித் திரும்பும். "இப்ப நம்ம சாம்பார் பொடி ரெண்டு ஸ்பூன் போட்டுக்கலாம்" என்பார். பார்ப்பவர் அந்த இடத்தில் விரலால் தட்டி முன்னே ஓடிவிடுவார். விளம்பரம் பார்க்க அவர் வரவில்லை. இன்றைக்கு மத்தியானச் சாம்பார் சரியாக வரவேண்டும் என்றுதான் வந்தார்.

ஈரோட்டுப் பக்கம் ஒரு சிறிய நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். சாம்பார் பொடி, மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள் என நாலே சரக்கு. பெரிய கம்பெனிகளைப் போல டிவியில் விளம்பரம் கொடுக்கப் பணம் இல்லை. யூடியூபில் ஒரு சேனல் தொடங்கலாம் என்று நினைக்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?

என்னைக் கேட்டால், வேறு கம்பெனிப் பொடி வைத்திருப்பவரும் பார்த்துப் பயன்பெறுகிற மாதிரி முதல் வீடியோவை எடுக்கச் சொல்வேன். முதலாளிக்கு முதலில் இது கசக்கும். ஆனால் அடுத்தவர் பொடியிலும் சாம்பாரை ருசியாக வைக்கச் சொல்லிக்கொடுத்தவர் தன் பொடியைப் பற்றிச் சொன்னால்தான் காது கொடுத்துக் கேட்பார்கள்.

அந்த முதல் வீடியோவின் பொருள் அளவு. "அக்கா, பொடி எவ்வளவு போடறீங்க?" என்று கேமராக்காரத் தம்பி கேட்டால், "ரெண்டு ஸ்பூன்தான் தம்பி" என்பார் சமைக்கிறவர். அங்கேயே நிறுத்தி, அந்த இரண்டு ஸ்பூனையும் சின்னத் தராசில் கொட்டவேண்டும். தலைதட்டி எடுத்த ஒரு டீஸ்பூன் சாம்பார் பொடி சுமார் இரண்டு, இரண்டரை கிராம் நிற்கும். அதே ஸ்பூனில் குமித்து எடுத்தால் நாலைந்து கிராம். நூறு கிராம் துவரம்பருப்பு போட்டு நாலு பேருக்கு வைக்கிற சாம்பாருக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் பொடி தேவைப்படும். குமித்து இரண்டு ஸ்பூன் போட்டவருக்குச் சாம்பார் அமைந்துவிடும். தலைதட்டிப் போட்டவர் பருப்புத் தண்ணீரைத்தான் குடிப்பார், குடித்துவிட்டு "இந்தப் பொடியில காரமே இல்ல" என்று கம்பெனியைத் திட்டுவார். பொடி மேல் வருகிற புகார்களில் நிறைய இந்த ஸ்பூன் புகார்கள்தான். ஒரு தராசும் இரண்டு கிண்ணமும் வைத்து மூன்று நிமிடத்தில் இதைக் காட்டிவிடலாம். வேறு எந்த வீடியோவிலும் "குமித்து இரண்டு" என்றோ "தலைதட்டி நாலு" என்றோ சொல்லாமல் வெறும் ஸ்பூன் என்று சொல்லக்கூடாது என்பதைச் சேனலின் விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, எங்கே தப்பு நடக்கிறது என்பதைக் காட்டவேண்டும். சமைக்கத் தெரிந்தவர்கள் எல்லாம் சரியாக வருவதைத்தான் படமெடுப்பார்கள். பார்ப்பவருக்கு உதவுவதோ கெட்டுப்போவதைக் கண்ணால் காண்பதுதான். காய்ந்த எண்ணெயில் நேராகப் பொடியைப் போட்டால் சில நொடிகளில் மிளகாய் கருகி, சிவப்பு பழுப்பாகி, இருமல் வரும். அதை வேண்டுமென்றே ஒரு தடவை செய்து, பக்கத்தில் நின்று, "இந்த நிறம் வந்துட்டா கீழ கொட்டிடுங்க, தண்ணி ஊத்திச் சரிபண்ண முடியாது" என்று சொல்லவேண்டும். அதேபோல, புளித்தண்ணீரில் பொடி போட்டு எட்டுப் பத்து நிமிடம் கொதித்துப் பச்சை வாசனை போன பிறகுதான் பருப்பைச் சேர்க்கவேண்டும் என்பதைச் சொன்னால் மட்டும் போதாது. கொதி தொடங்கும்போது மேலே நுரையும் பொடியும் தனியாக மிதக்கும். பத்து நிமிடம் கழித்துப் பொடி குழம்போடு கலந்து, ஓரத்தில் எண்ணெய் தெளிந்து நிற்கும். இந்த இரண்டையும் அடுத்தடுத்து நெருக்கமாகக் காட்டவேண்டும். வாசனை வீடியோவில் வராது, ஆகவே கண்ணுக்குத் தெரிகிற அடையாளத்தைத் தேடிக் கொடுப்பது சமையல் வீடியோ எடுப்பவரின் வேலை.

நம் வீடுகளில் தினமும் நடக்கிற இன்னொன்று. கொதிக்கிற குழம்புக்கு மேலேயே பாக்கெட்டைப் பிடித்துத் தட்டுவோம். ஆவி பாக்கெட்டுக்குள் புகும். பத்து நாளில் பொடி கட்டிதட்டி, வாசனை இறங்கி, சில சமயம் பூஞ்சையும் பிடிக்கும். பழி கம்பெனிக்குப் போகும். பாக்கெட்டை வாயகன்ற டப்பாவில் கொட்டி, அடுப்பிலிருந்து தள்ளிவைத்து, ஈரமில்லாத ஸ்பூனால் எடுக்கச் சொல்லும் ஒரு நிமிட வீடியோ, அந்த நிறுவனம் வாடிக்கையாளருக்குச் செய்யும் நேரடி உபகாரம்.

மூன்றாவதாக, சாம்பார் பொடியை வீட்டிலேயே அரைப்பது எப்படி என்று கம்பெனியே சொல்லிக்கொடுக்கவேண்டும். பிழைப்பில் மண் விழுந்துவிடாதா என்று கேட்பார்கள். விழாது. மல்லி 200 கிராம், மிளகாய் வற்றல் 100, துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் ஐம்பது ஐம்பது, மிளகும் சீரகமும் பதினைந்து பதினைந்து, வெந்தயம் 10, விரலி மஞ்சள் 15, ஒரு கைப்பிடி கறிவேப்பிலை, சிறு துண்டு பெருங்காயம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்கவேண்டும். வெந்தயம் பொன்னிறம் தாண்டினால் பொடி முழுக்கக் கசக்கும். மில்லில் அரைத்து வரும் பொடி கைசுடும். அதைக் காகிதத்தில் பரப்பி நன்றாக ஆறவிட்ட பிறகே டப்பாவில் போடவேண்டும், இல்லாவிட்டால் மூடியில் வேர்த்து அந்தத் தண்ணீர் பொடியிலேயே சொட்டும். இதைப் பார்த்துப் பத்துப் பேர் வீட்டில் அரைக்கலாம். மற்ற நூறு பேருக்கு, ஒரு பாக்கெட் பொடிக்குப் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்பது புரியும். இந்த வீடியோவுக்குப் பொருத்தமான காலம் மாசியும் பங்குனியும். புது மிளகாய் சந்தைக்கு வந்து, வருஷத்துக்கு வேண்டியதை வாங்கிக் காயப்போடுகிற பழக்கம் உள்ள வீடுகள் அப்போதுதான் இதைத் தேடும். புரட்டாசியில் சைவக் குழம்புகள், தை பிறக்கும் முன் பல காய் போட்ட பொங்கல் குழம்பு என்று வருஷக் கணக்கைப் பஞ்சாங்கத்தைப் பார்த்தே போட்டுவிடலாம்.

சொல்லிக்கொடுப்பது இவ்வளவுதான். நம்பிக்கை என்பது வேறு கணக்கு, அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

கலப்படச் சோதனை வீடியோவை எடுத்துக்கொள்வோம். கண்ணாடித் தம்ளரில் தண்ணீர், மேலே ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள். சாயம் கலந்திருந்தால் சிவப்புக் கோடுகளாகக் கீழே இறங்கும். செங்கல் தூள் கலந்திருந்தால் அடியில் கரகரப்பாகப் படியும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே வீட்டுச் சோதனைகளுக்கு இப்படியொரு கையேடு போட்டிருக்கிறது. எல்லோரும் எடுக்கும் வீடியோதான், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் இந்தச் சோதனையில் மாட்டுவது தண்ணீரில் கரையும் சாயம் மட்டுமே. மிளகாய்த்தூளில் அகப்பட்ட சாயங்களில் பேர்போனது சூடான் சிவப்பு. 2005-ல் பிரிட்டனில் நூற்றுக்கணக்கான உணவுப் பொருட்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறவைத்தது, ஒரு சாஸில் சேர்ந்த மிளகாய்த்தூளில் இருந்த இதே சாயம். அது எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. தம்ளர் சோதனையில் சத்தமில்லாமல் தப்பித்துக்கொள்ளும். ஆகவே "பாருங்க, கோடே இறங்கல, நம்ம தூள் சுத்தம்" என்று ஒரு கம்பெனி சொன்னால் அது அரை உண்மை. சோதனையைக் காட்டிவிட்டு, "இதுல தெரியாத சாயமும் இருக்கு, அதுக்கு ஆய்வகம்தான் போகணும்" என்று அதே மூச்சில் சொல்கிற சேனலை நான் நம்புவேன்.

ஆய்வக அறிக்கையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கம்பெனி எடுத்துக் கொடுத்த மாதிரியைச் சோதித்தால், அறிக்கை அந்த மாதிரிக்கு மட்டுமே சாட்சி. போன வருஷத்து அறிக்கையை ஃபிரேம் போட்டு மாட்டிவைத்து, இந்த மாதத்துப் பாக்கெட்டுக்கும் அதையே காட்டுவது ஏமாற்றுக்குப் பக்கத்து வீடு. செய்யவேண்டியது எளிது. ஊர் மளிகைக்கடையில் தொங்கும் பாக்கெட்டைக் கேமரா ஓடும்போதே காசு கொடுத்து வாங்கி, பிரிக்காமல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டும். அறிக்கை வந்ததும் அதிலுள்ள தொகுதி எண்ணையும் பாக்கெட்டில் அச்சான எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டவேண்டும். அதன்பின் ஒரே ஒரு வரியை மட்டும் விளக்கினால் போதும். மிளகாய்த்தூளில் ஈரம் 11 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. ஈரம் கூடினால் பூஞ்சை, பூஞ்சையிலிருந்து அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு. அந்த எண் எவ்வளவு வந்தது, ஏன் அது முக்கியம் என்று சொல்லிவிட்டு, முழு அறிக்கையையும் வீடியோவுக்குக் கீழே இணைத்துவிடலாம்.

வாயைத் திறக்கும்போதும் கவனம் வேண்டும். உணவு விளம்பரங்களுக்கான 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, பல பொருள் சேர்ந்த ஒன்றை "தூய்மையானது" என்று சொல்ல இடமில்லை. மஞ்சள்தூளில் மஞ்சள் மட்டுமே இருந்தால் சொல்லலாம், சாம்பார் பொடிக்குச் சொல்லக்கூடாது. மஞ்சள் அந்த நோயைத் தீர்க்கும், மிளகு இந்த நோயை விரட்டும் என்ற பேச்சும் ஆகாது. தவறான விளம்பரத்துக்குச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. சமையல்கார அக்கா பேச்சுவாக்கில் சொன்னாலும் அது கம்பெனி சொன்னதாகத்தான் ஆகும்.

வீடியோ போட்ட பிறகு எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதையே முதலாளி கேட்பார். அதைவிடப் பயனுள்ளது, பார்வையாளர்கள் எந்த இடம் வரை பார்த்தார்கள் என்று யூடியூப் காட்டும் வரைபடம். கோடு திடீரென்று மேடாக எழும் இடத்தில் பலர் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். சமையல் வீடியோவில் அது பெரும்பாலும் அளவு சொன்ன இடமாக இருக்கும், அதாவது வேகமாகச் சொல்லிவிட்டீர்கள். பள்ளம் விழுந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தால் அநேகமாகப் பாக்கெட் திரும்பி நிற்கும்.

கடைசியாக, எடுக்கவே வேண்டாம் என்று எல்லோரும் நினைக்கும் வீடியோவுக்கும் இப்போதே திட்டம் வேண்டும். 2024 ஏப்ரலில் ஹாங்காங், இரண்டு பெரிய இந்திய நிறுவனங்களின் மசாலாக்களில் எத்திலீன் ஆக்ஸைடு இருந்ததாகச் சொல்லி விற்பனையை நிறுத்தியது. சிங்கப்பூரும் ஒரு மீன் குழம்பு மசாலாவைத் திரும்பப் பெற உத்தரவிட்டது. நம் ஈரோட்டுக் கம்பெனிக்கு நாளை ஒரு தொகுதி தவறிப்போனால் யார் கேமரா முன் நிற்பது? முதலாளியேதான் நிற்கவேண்டும், நடிகை அல்ல. எந்தத் தொகுதி, எந்தத் தேதியில் அரைத்தது, எந்த ஊர்க் கடைகளுக்குப் போனது, பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தால் பணம் எங்கே கிடைக்கும் என்ற நாலு விஷயங்களையும் இரண்டு நிமிடத்துக்குள் சொல்லவேண்டும். பின்னணி இசை வேண்டாம். தொகுதி எண்ணை வீடியோவின் தலைப்பிலேயே போடவேண்டும், பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு தேடுகிறவருக்கு அந்த எண்தான் முதலில் தேவை.