காசிமேட்டிலிருந்து அறக்கட்டளைக்கு ஒரு கடிதம்: அன்றும் இன்றும்

எண்பதுகளில் காசிமேட்டிலிருந்து படிப்புச் செலவு கேட்டு அறக்கட்டளைக்குப் போன கடிதத்தில் பெரும்பகுதி வறுமையே இருக்கும். 'தாங்கள் பெரிய மனது வைத்து' என்று ஆரம்பித்து, தகப்பனார் கட்டுமரத்தில் போகிறவர், தங்கைக்குக் கல்யாணம் ஆகவில்லை, வட்டிக் கடன் இவ்வளவு என்று நீளும். படிப்புக்கு ஒரே வரி: டைப்ரைட்டிங் லோயர் முடித்துவிட்டேன், ஹையர் எழுதப் பணமில்லை. அந்த ஒரு வரியே போதுமானதாக இருந்தது. தேர்வை நடத்தியது அரசின் தொழில்நுட்பக் கல்வித் துறை. ஹையர் பாஸ் என்றால் என்ன தகுதி என்பது தருமகர்த்தாவுக்கும் தெரியும், வேலை கொடுப்பவருக்கும் தெரியும். ஊரில் மதிப்புள்ளவர் யாராவது பையன் நல்லவன் என்று கையெழுத்துப் போட்டால் பணம் பெரும்பாலும் கையிலேயே கிடைக்கும்.

இன்று அதே காசிமேட்டுப் பையன் கேட்பது 6ஜி பைப் வெல்டிங் பயிற்சிக்கு. மணலி, எண்ணூர் பக்கம் சுத்திகரிப்பு ஆலையிலும் மின் நிலையத்திலும் ஷட்டவுன் வேலைக்கு ஆள் எடுக்கும்போது, ஐடிஐ வெல்டர் சான்றிதழோடு இந்தத் திறமையையும் கேட்கிறார்கள். குழாயை 45 பாகைச் சாய்வில் அசையாமல் நிறுத்திவிடுவார்கள். வெல்டர்தான் அதைச் சுற்றி வந்து, மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் அண்ணாந்தும் ஒரே மூட்டை முடிக்க வேண்டும். அடித்தையலை டிக் முறையிலும் மேல் அடுக்குகளை ஆர்க் முறையிலும் போடுவது வழக்கம்.

6ஜி பயிற்சிச் சான்றிதழின் மதிப்பை அறக்கட்டளைக்கு விளங்கச் சொல்வதுதான் இன்றைய கடிதத்தின் முக்கிய வேலை. பல கடிதங்கள் இங்கேதான் தவறுகின்றன. 'இந்தச் சான்றிதழ் கிடைத்தால் வேலை உறுதி' என்று எழுதிவிடுகிறார்கள். அது உண்மையல்ல. ஏஎஸ்எம்இ 9ஆம் பிரிவின்படி வெல்டரைச் சோதித்துத் தகுதி கொடுப்பது வேலைக்கு எடுக்கும் நிறுவனத்தின் பொறுப்பு. பயிற்சி நிலையத்தின் காகிதம் எதுவானாலும் வாசலில் மறுபடி டெஸ்ட் உண்டு. அப்படிப் பெற்ற தகுதியும், அந்த முறையில் ஆறு மாதம் வெல்டிங் செய்யாமல் இருந்தால் காலாவதியாகிவிடும். ஆக, கட்டணம் வாங்கித் தருவது காகிதத்தை அல்ல, பழக்கத்தை. ஒவ்வொரு பையனுக்கும் எத்தனை குழாய்த் துண்டு வெல்டிங் செய்யக் கிடைக்கும், தைத்த மூட்டை வெட்டி வளைத்துப் பார்க்கிறார்களா, எக்ஸ்ரே எடுக்கிறார்களா என்று நிலையத்திடம் கேட்டு, வந்த பதிலைக் கடிதத்தில் எழுத வேண்டும். தட்டையான தகட்டில் மட்டும் பழக்கிவிட்டு 6ஜி என்று அச்சடித்துக் கொடுக்கும் இடம், இந்தக் கேள்விகளுக்கு நேராகப் பதில் சொல்லாது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கட்டணம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நல்ல கடிதம் இப்படிப் போகும்: "ஐடிஐ வெல்டர் பிரிவு முடித்திருக்கிறேன். தகட்டு வெல்டிங் தெரியும், குழாய் வெல்டிங் தெரியாததால் டெஸ்டில் தேறவில்லை. 6,000 ரூபாய் வீட்டில் கட்டுகிறோம். மீதி 24,000 ரூபாயை நிலையத்தின் வங்கிக் கணக்குக்கே அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். சேர்க்கைக் கடிதமும் கட்டண விவரமும் இணைத்துள்ளேன். பயிற்சி முடிந்ததும் ரசீதும் டெஸ்ட் முடிவும் அனுப்புவேன்." வறுமைக்கு இதில் இடமே வேண்டாம். அதை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துப் பெற்ற வருமானச் சான்றிதழ் சொல்லிவிடும். வீட்டுத் துயரத்தை முன்பின் தெரியாதவர்முன் விரித்து வைக்கும் கட்டாயம் குறைந்ததை நான் பெரிய முன்னேற்றமாகவே நினைக்கிறேன்.

நிலையத்துக்கே பணம் அனுப்பக் கேட்பதற்கும் காரணம் உண்டு. 2018ஆம் ஆண்டு நிதிச் சட்டத்துக்குப் பிறகு, வருமான வரி விலக்குப் பெறும் அறக்கட்டளை ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், பொதுவாக அதை அறச்செலவாகக் கணக்கில் காட்ட முடியாது. பையனைச் சந்தேகித்துத்தான் அவன் கையில் தரவில்லை என்று வீட்டார் வருந்துவதுண்டு. அது கணக்கு விதி, அவ்வளவுதான்.

எப்போது எழுதுவது என்பதும் மாறிவிட்டது. எண்பதுகளில் மீன்பிடித் தடைக்காலம் கிடையாது. 2001இல் 45 நாளாக வந்தது, 2017இல் 61 நாளானது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. வீட்டார் தரவேண்டிய 6,000 ரூபாயும் அப்போது புரளாது. அதே சமயம், வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த நிதியாண்டிலேயே அறப்பணிக்குச் செலவிட வேண்டும் என்பது அறக்கட்டளைகளுக்கான பொது விதி. மார்ச் நெருங்கும்போது செலவிடாத பணம் எவ்வளவு என்று அவர்களே பார்ப்பார்கள். எனவே கடிதம் ஜனவரியில் போய்ச் சேர்வது நல்லது.

அறக்கட்டளை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பயிற்சிக் கட்டணத்தோடு நிறுத்திவிடாதீர்கள். கண்ணாடி, கையுறை, தோல் ஏப்ரன், டெஸ்டுக்குப் போய்வரும் செலவு ஆகியவற்றையும் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள், சேர்த்துக் கொடுங்கள்.