பத்தாண்டு நட்புக்கு ஒரு பக்கக் கடிதம்

நட்பின் பத்தாம் ஆண்டுக்கு எழுத உட்கார்ந்தால் முதலில் வருவது கல்யாணம், வேலை கிடைத்த நாள், சேர்ந்து போன ஊட்டிப் பயணம். இவை இருவருக்குமே நன்றாக நினைவிருக்கும், படமும் இருக்கும். நழுவிப்போவது நடுவில் கிடந்த சாதாரண நாட்கள்தான். ஒரே மாதிரி கழிந்த நூறு மாலைகளை மனம் ஒரே மாலையாகச் சுருக்கிவிடுகிறது.

ஹார்வர்டு வணிகப் பள்ளியில் டிங் ஜாங்கும் உடன் பணியாற்றியவர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொடுகிறது. கடைசியாகப் பேசிய பேச்சு, அண்மையில் கேட்ட பாட்டு போன்ற அற்ப விஷயங்களை மாணவர்கள் எழுதி வைத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் படித்தபோது, தாங்கள் நினைத்திருந்ததைவிட அதிக ஆவலோடு படித்தார்கள். அற்பம் என்று தோன்றுவதன் மதிப்பை நாம் முன்கூட்டியே குறைத்துத்தான் எடைபோடுகிறோம்.

ஓர் எடுத்துக்காட்டு. 2015இல் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் ஒரே அறையில் தங்கிய இரண்டு இளைஞர்களை வைத்துக்கொள்வோம். அந்த டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி எழுதத்தான் கை போகும். ஆனால் வெள்ளம் ஊருக்கே பொது. “நீ எப்போதும் துணையாக இருந்தாய்” என்பதும் அப்படித்தான். எந்த நண்பனுக்கும் பொருந்தும். அவர்களுக்கு மட்டும் உரியது வேறு: “மாசக் கடைசியில ஒரு டீயை ரெண்டு கிளாஸ்ல ஊத்திக் குடிப்போம். அடியில சர்க்கரை தங்கின பாதியை எப்பவும் என் பக்கம் தள்ளிடுவே. எனக்கு இனிப்புப் பிடிக்கும்னு நான் சொன்னதே இல்லடா.”

இப்படிப்பட்டவை, யோசித்துக்கொண்டே இருந்தால் வராது. இடத்தைப் பிடித்துப் போக வேண்டும். அறையின் கதவு எந்தப் பக்கம், துணி எங்கே காய்ந்தது, இரவு எந்தக் கடை திறந்திருந்தது என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தால் ஆட்களும் பேச்சும் பின்னாலேயே வந்துவிடும். பழைய போனில் தவறி எடுத்த படங்களும் உதவும். ஒரு நினைவை மற்றவர் வேறு விதமாக வைத்திருக்கலாம். சந்தேகம் இருந்தால் “எனக்கு நினைவிருப்பது இப்படி” என்றே எழுதலாம். பதிலில் அவர் பக்கக் கதை வந்து சேரும்.

கடிதம் கெடுவது பெரும்பாலும் கணக்கால். யார் யாருக்குப் பணம் தந்தார்கள் என்ற பட்டியல் நன்றியாகத் தொடங்கிக் கடனாக முடியும். ஆறிப்போன சண்டையைச் சொல்வதானால், மறுபடி பேசத் தொடங்கிய நாளை மட்டும் சொன்னால் போதும். எழுதி முடித்ததும், நண்பர் பெயரை எடுத்துவிட்டு வேறொருவர் பெயரைப் போட்டுப் படிக்க வேண்டும். அப்போதும் பொருந்துகிற வரிகளை அடித்துவிடலாம்.

இதெல்லாம் அசட்டுத்தனமாகத் தெரியுமோ என்ற கூச்சம் வரும். நன்றிக் கடிதங்களைப் பற்றி அமித் குமாரும் நிக்கலஸ் எப்லியும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், எழுதியவர்கள் பயந்த அளவுக்குப் பெற்றவர்கள் சங்கடப்படவில்லை. எதிர்பார்த்ததைவிட அதிகமாக மகிழ்ந்தார்கள். ஆகவே எழுதியதை மடித்து வைக்காமல் அன்றே அனுப்பிவிடுங்கள்.