உடை மாற்றும் முன் படத்தைச் சரிசெய்யுங்கள்

கல்யாண மண்டபத்தில் செல்போனில் எடுத்த அப்பாவின் படம். அவர் போட்டிருக்கும் கட்டம் போட்ட சட்டைக்குப் பதிலாகப் பட்டு வேட்டி, சட்டை வேண்டும். ஏஐ செயலியில் அதே படத்தை நான்கு முறை கொடுத்தால் காலர் நான்கு விதமாக வருகிறது, முகமும் வேறு யாரோ போல ஆகிவிடுகிறது. பல நேரங்களில் கோளாறு நாம் எழுதிய கட்டளையில் இல்லை, கொடுத்த படத்தில்தான் இருக்கிறது.

படத்தின் அளவு 4000 x 3000 பிக்சல், அதில் அப்பாவின் உயரம் 1000 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். எஸ்டிஎக்ஸ்எல் போன்ற மாடல்கள் ஏறக்குறைய 1024 பிக்சல் அளவில் வேலை செய்பவை. முழுப் படத்தையும் கொடுத்தால் அது கால்வாசியாகச் சுருங்கும். அப்பா 250 பிக்சல் உயரத்துக்கு வந்துவிடுவார், முகம் முப்பது சொச்சம் பிக்சல்தான் இருக்கும். மாடல் தன் கணக்குக்காக எட்டுக்கு எட்டு பிக்சலை ஒரு புள்ளியாகச் சுருக்கிக்கொள்வதால், முகத்தின் உயரத்துக்குக் கிடைப்பது நான்கே புள்ளிகள். மீதியை அது ஊகித்து வரைகிறது. அப்பாவைச் சுற்றி 832 x 1216 அளவில் வெட்டிக் கொடுத்தால் எதுவும் சுருங்காது, முகத்துக்குப் பதினாறு புள்ளிகள் கிடைக்கும். ஆனால் ஒட்ட வெட்டக் கூடாது. விரலோ பாதமோ வெட்டுப்பட்டால் மாடல் அதைத் தானே வரைந்து வைக்கும். வேட்டியின் கரை விழவும் காலடியில் இடம் வேண்டும்.

வெட்டுவதற்கு முன்பே புள்ளி இரைச்சலை நீக்கிவிட வேண்டும். மங்கிய வெளிச்சத்தில் சிவப்பும் பச்சையுமாகத் தெரியும் பொடிப் புள்ளிகளை மாடல் துணியின் நெசவு என்று எடுத்துக்கொள்ளும். படத்தைத் திருப்பிய பிறகு அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து திட்டுத்திட்டாகிவிடும், பிறகு நீக்குவது கடினம். லைட்ரூமில் Color அளவைத் தாராளமாகவும் Luminance அளவைக் கொஞ்சமாகவும் ஏற்றுங்கள். படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் புருவத்தைப் பாருங்கள். முடிகள் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே கோடாகிவிட்டால் அளவு மீறிவிட்டது, முகம் மெழுகு பூசியது போலாகிவிடும்.

அடுத்து சாய்வு. தூணையோ கதவு நிலையையோ பார்த்து நேராக்குங்கள், தோளைப் பார்த்து அல்ல. ஒருவர் இயல்பாகவே ஒரு பக்கம் சாய்ந்து நிற்கலாம். படம் சாய்ந்திருந்தால் வேட்டி மடிப்பு ஒரு பக்கமும் பின்னணித் தூண் வேறு பக்கமும் போகும். நேராக்குவதையும் வெட்டுவதையும் ஒரே தடவையில் முடித்து, பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் ஆவணமாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருங்கிவிடும்.

பிறகு கட்டளையை மாற்றாமல் நான்கு முறை ஓட்டிப் பாருங்கள். காலரும் தோள் தையலும் நான்கிலும் ஒரே இடத்தில் விழுந்தால் படம் தயார். நெஞ்சுக்குக் குறுக்கே கை கட்டி நிற்கும் படமோ, ஆடி மங்கிய படமோ இந்த வேலைகளால் சரியாகாது. அதற்கு வேறு படம்தான் தேட வேண்டும்.