முதல் படியில் தடுக்குகிறதா? கோளாறு காலில் இல்லை, கணக்கில் இருக்கிறது!

புது வீட்டு கிரகப்பிரவேசம். மாடியைப் பார்க்க ஏறுகிறவர்களில் பாதிப் பேர் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள். "பார்த்து வாங்க, அந்த முதல் படி கொஞ்சம் அப்படித்தான்" என்று வீட்டுக்காரர் கீழே நின்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஆறு மாதத்தில் வீட்டில் இருப்பவர்களுக்குப் பழகிவிடும். ஆனால், ஊரிலிருந்து வரும் பாட்டிக்கும், தூக்கக் கலக்கத்தில் தண்ணீர் குடிக்க இறங்கி வரும் பிள்ளைக்கும் பழகாது.

படி ஏறும்போது நாம் ஒவ்வொரு படியையும் குனிந்து பார்ப்பதில்லை. ஒன்றிரண்டு படி ஏறியதுமே அதன் உயரத்தைக் கால் மனப்பாடம் செய்துகொள்கிறது. அதன்பின், படியின் விளிம்பைத் தாண்டுவதற்குத் தேவையான அளவுக்குத்தான் பாதம் தூக்கப்படுகிறது. எல்லாப் படியும் ஒரே உயரமாக இருந்தால் பிரச்னை இல்லை. ஒன்று மட்டும் கூடினாலோ குறைந்தாலோ, ஏறும்போது நுனிக்கால் இடிக்கும். இறங்கும்போது கால் அந்தரத்தில் தேடும்.

எத்தனை அங்குலம் இருந்தால் சுகம்?

பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஃபிரான்ஸுவா பிளாண்டெல், 17-ம் நூற்றாண்டிலேயே இதற்கு ஒரு கணக்கு சொல்லிவிட்டார். ஒரு படியின் உயரத்தை இரண்டால் பெருக்கி, அதோடு கால் வைக்கும் பகுதியின் அகலத்தைக் கூட்டினால், மனிதர் சமதரையில் எடுத்து வைக்கும் ஓர் அடி அளவு வரவேண்டும் என்பதே அது. இன்றைய வழக்கத்தில் அந்தக் கூட்டுத்தொகை 24 முதல் 25 அங்குலம்.

உயரம் 7 அங்குலம், அகலம் 10 அங்குலம் என்றால் 7+7+10 = 24. சரியாக இருக்கிறது. உயரத்தை 6½ அங்குலமாகக் குறைத்தால் அகலத்தை 11 ஆக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் இருக்கும் வீட்டுக்கு இது இன்னும் இதமான அளவு. உயரம் 8, அகலம் 8 என்று வைத்தாலும் கூட்டுத்தொகை 24 வரும். ஆனால், அது ஏணி போலச் செங்குத்தாகிவிடும். அதனால்தான் இந்தக் கணக்கோடு ஓர் எல்லையும் வேண்டும். நம் தேசிய கட்டட நெறிமுறை, வீட்டுப் படியின் உயரம் 190 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, அகலம் 250 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. அதாவது, உயரம் அதிகபட்சம் ஏறக்குறைய 7½ அங்குலம். அகலம் குறைந்தபட்சம் 10 அங்குலம்.

அகலம் குறைந்த படி, ஏறும்போது தன் குறையைக் காட்டாது. இறங்கும்போதுதான் காட்டும். முன்பாதம் விளிம்புக்கு வெளியே தொங்கும். காலைத் திருப்பி, பக்கவாட்டில் வைத்து ஒருவர் இறங்குகிறார் என்றால் அந்தப் படி அவருக்குப் போதவில்லை என்று அர்த்தம்.

மேஸ்திரி சரியாகத்தான் பிரித்தார். ஆனால்...

உதாரணத்துக்கு ஒரு வீட்டைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கீழ்த்தளம் இன்னும் வெறும் தரை. மேலே தளம் போட்டாகிவிட்டது. கீழேயிருந்து மேல்தளக் கான்கிரீட்டின் மேற்பரப்பு வரை 10 அடி 8 அங்குலம், அதாவது 128 அங்குலம். மேஸ்திரி அதை 18 ஏற்றமாகப் பிரிக்கிறார். ஒரு ஏற்றம் 7 அங்குலம் 1 நூல். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. சென்ட்ரிங் அடித்து, கான்கிரீட் போட்டாகிறது. டேப் வைத்துப் பார்த்தால் எல்லாப் படியும் சமமாகவே இருக்கின்றன.

சில மாதங்கள் கழித்துத் தரை வேலை வருகிறது. கீழ்த்தளத்தில் காங்கிரீட் படுகை, கலவை, டைல்ஸ் எல்லாம் சேர்ந்து தரை 4 அங்குலம் உயர்கிறது. படிகளில் கலவையும் கிரானைட்டும் சேர்ந்து 1½ அங்குலம். மாடித் தரையில் கலவையும் டைல்ஸும் 2 அங்குலம்.

நடுவில் உள்ள படிகளுக்கு ஒன்றும் ஆகாது. எல்லாமே ஒரே அளவு உயர்ந்ததால் இடைவெளி மாறாது. முதல் படிக்குத்தான் ஆபத்து. படி 1½ அங்குலம் ஏற, தரை 4 அங்குலம் ஏறிவிட்டது. மிச்சம் 4 அங்குலம் 5 நூல்தான். கடைசி ஏற்றமோ 7 அங்குலம் 5 நூலாக வளர்ந்துவிடுகிறது. ஒரே மாடிப்படியில் முதலுக்கும் முடிவுக்கும் 3 அங்குல வித்தியாசம். அமெரிக்க வீடுகளுக்கான கட்டட விதி, ஒரே வரிசைப் படிகளில் உயரமான படிக்கும் குட்டையான படிக்கும் அனுமதிக்கும் வித்தியாசம் வெறும் 3 நூல்!

மேஸ்திரி தவறாக வகுக்கவில்லை. தவறான இடத்திலிருந்து அளந்துவிட்டார். அளக்க வேண்டியது கான்கிரீட்டிலிருந்து கான்கிரீட்டுக்கு அல்ல. கீழே டைல்ஸின் மேற்பரப்பிலிருந்து மாடி டைல்ஸின் மேற்பரப்புக்கு. இந்த வீட்டில் அது 128 அங்குலத்தில் 4 போய், 2 சேர்ந்து, 126 அங்குலம். 18 ஆல் வகுத்தால் மிகச் சரியாக 7 அங்குலம்.

அப்படியானால் சென்ட்ரிங் அடிக்கும்போதே முதல் ஏற்றத்தை 9½ அங்குலமாகவும், நடுவில் உள்ளவற்றை 7 ஆகவும், கடைசியை 6½ ஆகவும் வைக்க வேண்டும். கான்கிரீட் நிலையில் பார்ப்பதற்குக் கோணலாகத் தெரியும். தரை வேலை முடிந்ததும் எல்லாம் 7 அங்குலத்தில் வந்து நிற்கும். இதற்கு ஒரே நிபந்தனை: எந்த அறைக்கு டைல்ஸ், படிக்கு எத்தனை கனத்தில் கிரானைட் என்பதைப் படிக்கட்டு கான்கிரீட்டுக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

ஒற்றைப்படை வேண்டும் என்றால்?

வலது கால் வைத்து ஏறி, வலது காலிலேயே மாடியில் போய் நிற்க வேண்டும் என்பதற்காகப் பலர் ஒற்றைப்படையில் படி கேட்பார்கள். கேட்பதில் தவறில்லை. எந்தப் பக்கம் போகிறோம் என்பதுதான் முக்கியம்.

அதே 126 அங்குலத்தை 17 ஆகப் பிரித்தால், ஒரு ஏற்றம் 7 அங்குலம் 3 நூல். நெறிமுறையின் எல்லையை உரசி நிற்கும் உயரம் இது. 19 ஆகப் பிரித்தால் 6 அங்குலம் 5 நூல். ஏறுவதற்குச் சுகம். ஆனால், இடம் கூடுதலாக வேண்டும். 18 ஏற்றத்தை ஒன்பது ஒன்பதாகப் பிரித்தால் ஒரு வரிசைக்கு 8 மிதிபடி. 10 அங்குல அகலத்தில் 6 அடி 8 அங்குல நீளம். 19 என்றால் நீளமான வரிசையில் 10 ஏற்றம், 9 மிதிபடி. 10 அங்குல அகலத்தில் 7½ அடி. அந்தப் 10 அங்குல நீளத்தை வரைபடத்திலேயே ஒதுக்கிவிட வேண்டும். இல்லையென்றால், கடைசி நேரத்தில் மிதிபடியின் அகலத்தில்தான் கை வைப்பார்கள்.

எண்ணும்போது இன்னொரு குழப்பமும் வரும். மாடித் தரையில் காலை வைப்பதும் ஓர் ஏற்றம்தான். அதைச் சேர்த்து எண்ணுகிறோமா, இல்லையா என்பதை முதலிலேயே மேஸ்திரியிடம் பேசிவிடுவது நல்லது.

பீரோ திரும்புமா?

பாதியில் திரும்பும் படிக்கட்டில், லேண்டிங்கின் அகலம் படியின் அகலத்துக்குக் குறையவே கூடாது. வீடுகளுக்கு 1 மீட்டர், அதாவது ஏறக்குறைய 3 அடி 4 அங்குலம் என்பது நெறிமுறை சொல்லும் பொதுவான குறைந்தபட்சம். கைப்பிடி பிடித்துக்கொள்ளும் இடத்தையும் சேர்த்து 3½ அடி இருந்தால் இரண்டு பேர் ஒருவரையொருவர் உரசாமல் கடக்கலாம்.

படி 3½ அடி, லேண்டிங் 2½ அடி என்று மிச்சம் பிடித்த வீடுகளில், பீரோவும் கட்டிலும் வந்து இறங்கும் நாளில்தான் உண்மை தெரியும். பீரோவையாவது வெளிப்பக்கமாகக் கயிறு கட்டி ஏற்றிவிடலாம். உடம்பு முடியாதவரை நாற்காலியில் வைத்து இறக்க வேண்டிய நேரத்தில் அந்த வழியும் கிடையாது.

இடம் போதாதபோது லேண்டிங்கையே குறுக்காக வெட்டி முக்கோணப் படிகள் போடுவதும் உண்டு. அந்தப் படியின் உள்முனையில் கால் வைக்க இடமே இருக்காது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உள்பக்கமாக இறங்குவது வயதானவர்களின் வழக்கம். அவர்கள் கால் படும் இடம்தான் அந்த உள்முனை.

தலை தப்புமா?

ஹெட்ரூம் என்றால் மொட்டை மாடியில் படிக்கட்டுக்கு மேல் கட்டும் சின்ன அறை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வரைபடத்தில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. படியின் விளிம்பிலிருந்து நேர் மேலே, தலைக்குத் தட்டுப்படும் முதல் பொருள் வரை உள்ள உயரம் அது. லேண்டிங்குக்கு அடியில் ஆள் போகும் வழி இருந்தால் 2.2 மீட்டர், ஏறக்குறைய 7 அடி 3 அங்குலம் வேண்டும் என்கிறது நெறிமுறை. அதே அளவைப் படிகளுக்கு மேலேயும் வைத்துக்கொள்வது நல்லது.

நம் உதாரண வீட்டில் லேண்டிங் 9 ஏற்றத்தில், 5 அடி 3 அங்குல உயரத்தில் இருக்கிறது. அதன் கான்கிரீட் கனமும் பூச்சும் போனால் அடியில் 4¾ அடிகூடத் தேறாது. பழைய சாமான் வைக்கலாம். வழி விட முடியாது.

தலை இடிக்கும் இன்னோர் இடம், மாடி அறையைப் பெரிதாக்க ஆசைப்படும்போது உருவாகிறது. அறைக்குக் கீழே வரும் பீம், படிகளின் மேல் நீண்டுவிடும். பீமின் அடிப்பகுதி கீழ்த்தரையிலிருந்து 9 அடி 1 அங்குலத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படி ஏறும்போதும் 7 அங்குலம் குறையும். மூன்றாவது படியின் மேல் 7 அடி 4 அங்குலம் இருக்கும். ஐந்தாவது படிக்கு வந்தால் 6 அடி 2 அங்குலம்தான். உயரமான ஒருவர் குனிந்துதான் போக வேண்டும். ஆக, இந்த வீட்டில் பீம் மூன்றாவது படியைத் தாண்டக் கூடாது.

கட்டி முடித்த வீட்டுக்கு?

முதல் படி 4 அங்குலம் 5 நூல் என்று நின்றுவிட்ட வீட்டையும் சரிசெய்யலாம். முழுப் படிக்கட்டையும் இடிக்க வேண்டாம். லேண்டிங்கை அப்படியே விட்டுவிட்டு, கீழ் வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். தரையிலிருந்து லேண்டிங் வரை 61½ அங்குலம். 9 ஆல் வகுத்தால் ஒரு ஏற்றம் 6 அங்குலம் 7 நூலுக்குச் சற்றுக் குறைவு. முதல் படியை ஏறக்குறைய 2¼ அங்குலம் உயர்த்தி, அடுத்தடுத்த படிகளில் இரண்டு நூலுக்குச் சற்றுக் கூடுதலாகக் குறைத்துக்கொண்டே போனால், லேண்டிங்கில் உயர்த்தல் பூஜ்ஜியமாகிவிடும். மேலே போட்ட கல்லைப் பெயர்த்துவிட்டுச் செய்ய வேண்டிய வேலை இது. கூடும் எடையைப் படிக்கட்டு தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். கைப்பிடியின் உயரத்தையும் கடைசியில் சரிபார்க்க வேண்டும்.

அதுவரை, முதல் படியின் விளிம்பில் பளிச்சென்று ஒரு பட்டையும், அதன் மேல் ஒரு விளக்கும் இருக்கட்டும்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் மாலை ஒரு டேப்போடு போய் நின்று, மேஸ்திரியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "அண்ணே, டைல்ஸ் போட்ட பிறகு முதல் படி எவ்வளவு, கடைசிப் படி எவ்வளவு?" இரண்டுக்கும் ஒரே பதில் வரவேண்டும்.