முகத்தின் வெளிச்சம் எந்தப் பக்கம்?

வேலை தேடும் பெண் ஒருவர் வீட்டு ஜன்னலோரம் நின்று கைபேசியில் படம் எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் வெள்ளைச் சுவர். லிங்க்ட்இன்னில் போடுவதற்காக அந்தச் சுவரை நீக்கிவிட்டு, மங்கலான அலுவலகக் காட்சி ஒன்றை வைக்க விரும்புகிறார். எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

முதலில் பார்க்க வேண்டியது அவருடைய முகத்தை. படத்தில் இடது கன்னம் வெளிச்சமாகவும் வலது கன்னம் நிழலாகவும் இருக்கிறது. பலரும் ஆசைப்பட்டு எடுப்பது, பின்னால் பெரிய கண்ணாடி ஜன்னல்கள் பளிச்சென்று ஒளிரும் அறை. அப்படி ஓர் அறையில் உண்மையிலேயே நின்றிருந்தால், பின்னாலிருந்து வரும் ஒளி தலைமுடியின் ஓரத்திலும் தோளிலும் மெல்லிய கோடாகப் படிந்திருக்கும். இவர் முடியில் அது இல்லை. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், ஒட்டவைத்த படம் என்பது தெரிந்துவிடும். இவருக்குப் பொருந்துவது, இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம் வரும் வெளிர் சாம்பல் நிற அறை. வெளிர் நிறத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. வெள்ளைச் சுவரின் முன் எடுத்த படத்தை வெட்டும்போது முடியிழைகளுக்கிடையே கொஞ்சம் வெள்ளை ஒட்டிக்கொண்டு வரும். கருமையான பின்னணியில் அது தலையைச் சுற்றி வெள்ளை விளிம்பாகத் தெரியும், வெளிர் பின்னணியில் மறைந்துவிடும்.

அடுத்தது கேமராவின் உயரம். இவர் படம் கண் மட்டத்திலிருந்து நேராக எடுக்கப்பட்டது. பின்னணியில் பின்னோக்கிச் செல்லும் மேசை விளிம்புகளையும் கூரைக் கோடுகளையும் மனத்தில் நீட்டிப் பாருங்கள். அவை அவருடைய கண் உயரத்தை ஒட்டி ஒன்றுகூட வேண்டும். உயரத்திலிருந்து எடுத்த அறையை வைத்தால் மேசைகளின் மேற்பரப்பு அதிகமாகத் தெரியும், ஆள் அந்தத் தரையில் நிற்பதாகவே தோன்றாது.

மங்கல் எவ்வளவு? அது அலமாரி, இது செடி என்று புரிய வேண்டும், புத்தக முதுகில் உள்ள எழுத்து படிக்க முடியக் கூடாது. அதற்கும் மேலே போனால் அறை வெறும் நிறப்புகையாகிவிடும். ஃபோட்டோஷாப்பில் செய்பவர்கள் Gaussian Blur-ஐ விட Lens Blur-ஐப் பயன்படுத்துவது நல்லது. உண்மையான லென்ஸில் தூரத்து விளக்குகள் வட்டப் பொட்டுகளாக விரியும், இரண்டாவது அதைக் காட்டும், முதலாவது ஒளியை வெறுமனே கரைத்துவிடும். மங்கலாக்கிய பகுதி முகத்தைவிட வழவழப்பாக இருந்தால் அதில் துளி நொய்ஸ் சேர்க்க வேண்டும்.

நண்பரின் அலுவலகத்தில் அரை மணி நேரம் கிடைக்குமானால் இத்தனை வேலையும் மிச்சம் என்பது என் எண்ணம். சுவரிலிருந்து 3 மீட்டராவது முன்னால் வந்து, ஜன்னல் பக்கவாட்டில் இருக்கும்படி நின்றுகொண்டு, கைபேசியின் போர்ட்ரெய்ட் முறையில் எடுக்கலாம். எடுத்ததும் பெரிதாக்கி, காதோரத்தையும் மூக்குக்கண்ணாடி விளிம்பையும் பாருங்கள். கைபேசியின் கணக்கு தவறுவது பெரும்பாலும் அங்கேதான்.