கல்லாவில் குறைந்தது, கணக்கில் கூடியது

மளிகைக்கடைகளுக்கு பில் போடும் மென்பொருளைச் சந்தாவுக்கு விற்கும் ஒரு சின்ன நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஏப்ரலில் அதன் வங்கிக் கணக்கில் ஜி.எஸ்.டி. நீங்கலாக 1,80,200 ரூபாய் விழுந்தது. மே மாதம் வந்ததோ 1,12,000 ரூபாய்தான். வங்கி அறிக்கையை மட்டும் பார்ப்பவர், தொழில் படுத்துவிட்டது என்றே நினைப்பார். உண்மையில் மே மாதத்தில் அந்த நிறுவனம் வளர்ந்திருக்கிறது.

இதைக் காட்டிக்கொடுக்கும் எண்ணுக்கு மாதாந்திரத் தொடர் வருவாய் என்று பெயர். மென்பொருள் வட்டாரத்தில் சுருக்கமாக எம்.ஆர்.ஆர். என்பார்கள். 2011-இல் சென்னையில் தொடங்கிய சார்ஜ்பீ போன்ற சந்தா பில்லிங் நிறுவனங்களின் மென்பொருள் இதைத் தானாகவே கணக்கிட்டுக் காட்டுகிறது. ஆனாலும் காகிதத்தில் ஒரு முறை போட்டுப் பார்த்தால்தான் சூட்சுமம் பிடிபடும்.

நம் நிறுவனத்தின் மாதச் சந்தா 1,000 ரூபாய். ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் 9,600. புதிதாகச் சேருவோருக்கு முதல் மூன்று மாதம் பாதி விலை. ஏப்ரலில் மாதச் சந்தாதாரர்கள் 60 பேர், ஆண்டுச் சந்தாதாரர்கள் 30 பேர், பாதி விலைக்காரர்கள் 10 பேர்.

மாதச் சந்தாவில் சிக்கலே இல்லை: 60,000 ரூபாய். ஆண்டுச் சந்தா 9,600-ஐ 12-ஆல் வகுத்தால் ஆளுக்கு 800. முப்பது பேருக்கு 24,000. ஏப்ரலில் புதுப்பித்துப் பணம் கட்டியவர்கள் அவர்களில் 12 பேர் மட்டுமே என்பது இங்கே பொருட்டில்லை. வங்கியில் 1,15,200 ரூபாயைக் கொண்டுவந்து கொட்டி ஏப்ரலைப் பெருக்கிக் காட்டியவர்கள் அவர்கள்தான். எம்.ஆர்.ஆர். கணக்கில் முப்பது பேரும் மாதந்தோறும் அதே 800-உடன் நிற்பார்கள்.

வகுக்கும்போது ஒரு கவனம் தேவை. ‘பத்து மாதம் கட்டுங்கள், இரண்டு மாதம் இலவசம்’ என்று விற்றால் வருவது 10,000. சேவை தருவது 12 மாதத்துக்கு. ஆகவே மாதத்துக்கு 833 ரூபாய்தான், 1,000 அல்ல. பணம் கட்டிய மாதங்களால் அல்ல, சேவை தரவேண்டிய மாதங்களால் வகுக்க வேண்டும்.

பெரும்பாலோர் சறுக்கும் இடம் தள்ளுபடி. பாதி விலைக்காரர் பத்துப் பேரும் சீக்கிரமே முழு விலைக்கு வந்துவிடுவார்கள் என்று இப்போதே ஆளுக்கு 1,000 எழுதிக்கொள்ளும் ஆசை எழும். அது வராத பணம். இன்று கட்டுவது 500; ஆகவே 5,000 ரூபாய்தான். ஏப்ரல் எம்.ஆர்.ஆர். 60,000 + 24,000 + 5,000 = 89,000 ரூபாய். முழு விலையை எழுதியிருந்தால் 94,000 என்று காட்டும். மென்பொருளை நிறுவிக்கொடுக்க ஒரே ஒரு முறை வாங்கும் கட்டணத்துக்கும், 18 சதவீத ஜி.எஸ்.டி.-க்கும் இதில் இடமில்லை.

மே மாதம் என்ன நடந்தது? புதிதாக நான்கு பேர் முழு விலையில் சேர்ந்தார்கள்: 4,000 கூடியது. இரண்டு மாதச் சந்தாதாரர்கள் விலகினார்கள்: 2,000 போயிற்று. பாதி விலைக்காலம் முடிந்த பத்துப் பேரில் ஏழு பேர் தங்கி 1,000 கட்டினார்கள். ஆளுக்கு 500 வீதம் 3,500 ஏறியது. மூன்று பேர் போய்விட்டதால் 1,500 இறங்கியது.

இன்னும் ஐந்து பேர் மாதச் சந்தாவிலிருந்து ஆண்டுச் சந்தாவுக்கு மாறினார்கள். விற்பனைப் பிரிவுக்குக் கொண்டாட்டம். கையில் 48,000 ரூபாய் ரொக்கம். எம்.ஆர்.ஆர். கணக்கிலோ 1,000 கட்டியவர் 800-க்கு இறங்கியிருக்கிறார்; ஐவருக்கும் சேர்த்து 1,000 ரூபாய் சரிவு. இது கெட்ட பேரம் என்று பொருளில்லை. வாடிக்கையாளர் ஓராண்டு உறுதியாக இருப்பார் என்பதற்காக நிறுவனம் கொடுத்த விலை அது. அந்த விலை எவ்வளவு என்பது ரொக்கக் கணக்கில் கண்ணில் படாது, இங்கே படும்.

கூட்டிக் கழித்தால் மே எம்.ஆர்.ஆர். 92,000 ரூபாய். சரிபார்க்க வேண்டுமானால், மாதச் சந்தாதாரர்கள் இப்போது 64 பேர், ஆண்டுச் சந்தாதாரர்கள் 35 பேர்: 64,000 + 28,000. அந்த மாதம் பழைய ஆண்டுச் சந்தா எதுவும் புதுப்பிப்புக்கு வரவில்லை. வங்கியில் பணம் குறைந்ததற்கு அது ஒன்றே காரணம். ஏப்ரலில் 94,000 என்று எழுதியிருந்தால், மூவாயிரம் ரூபாய் வளர்ச்சி இரண்டாயிரம் ரூபாய் வீழ்ச்சியாகத் தெரிந்திருக்கும்.

எம்.ஆர்.ஆர். என்பது கணக்கியல் விதிகள் வரையறுத்த எண் அல்ல. ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் போட்டுக்கொள்ளலாம். அதனால் சந்தா நிறுவனம் ஒன்றில் முதலீடு செய்யவோ வேலைக்குச் சேரவோ போகிறவர், அதன் எம்.ஆர்.ஆர். எவ்வளவு என்று கேட்பதோடு, தள்ளுபடிக்காரர்களை எந்த விலையில் சேர்த்திருக்கிறார்கள் என்பதையும் கேட்டுவிடுவது நல்லது.