நீதிபதியின் கூற்றும் தண்டனைக் கோட்பாடும்

குற்றம் செய்தவர் தண்டிக்கப்பட வேண்டும் என்பதைப் பெரும்பாலோர் ஏற்பர். எதற்காகத் தண்டிக்க வேண்டும் என்று வினவினால் விடைகள் மூன்றாகப் பிரியும். செய்த செயலுக்கு அதுவே தக்கது என்பார் ஒருவர். பிறர் அதைக் கண்டு அஞ்சி விலகுவர் என்பார் மற்றொருவர். குற்றவாளி திருந்த வேண்டும் என்பார் மூன்றாமவர். இவையே முறையே தகுதண்டனைக் கோட்பாடு, அச்சுறுத்தித் தடுக்கும் கோட்பாடு, சீர்திருத்தக் கோட்பாடு எனப்படும். தகுதண்டனைக் கோட்பாட்டைப் பழிவாங்கல் கோட்பாடு என்றும் கூறுவர்.

சட்டவியல் வினாத்தாள்களில் நீதிபதியின் கூற்று ஒன்றைத் தந்து, அது எக்கோட்பாட்டைச் சார்ந்தது எனக் கேட்பது வழக்கம். கூற்றில் உள்ள சொற்களின் கடுமையையோ மென்மையையோ கொண்டு விடை எழுதினால் பிழை நேரும். அக்கூற்று யாரை நோக்குகிறது, எக்காலத்தை நோக்குகிறது என்னும் இரண்டையும் காண வேண்டும். நடந்து முடிந்த செயலை நோக்கினால் தகுதண்டனை. இனிக் குற்றம் செய்யக்கூடிய பிறரை நோக்கினால் அச்சுறுத்தித் தடுத்தல். அதே குற்றவாளியின் வருங்காலத்தை நோக்கினால் சீர்திருத்தம்.

எடுத்துக்காட்டாக, குதிரை திருடியவனுக்குத் தூக்குத் தண்டனை விதித்த பழைய ஆங்கிலேய நீதிபதி ஒருவர் கூறியதாக ஒரு கூற்று வழங்கி வருகிறது. நீ குதிரையைத் திருடியதற்காக அன்று, இனிக் குதிரைகள் திருடப்படாதிருக்கவே தூக்கிலிடப்படுகிறாய் என்பது அதன் கருத்து. நடந்த திருட்டு காரணம் அன்று என அவரே விலக்கிவிடுகிறார். நடக்கவிருக்கும் திருட்டுகளே அவர் முன் நிற்கின்றன. எனவே இது அச்சுறுத்தித் தடுக்கும் கோட்பாடு. அதன் குறையும் இக்கூற்றிலேயே தெரிகிறது. பிறருக்குப் பாடம் கற்பிக்க ஒருவனுடைய உயிர் கருவியாகிறது. குற்றத்தின் அளவுக்கும் தண்டனையின் அளவுக்கும் பொருத்தம் இல்லாமற் போகிறது.

இதற்கு எதிர்முனையில் 1977ஆம் ஆண்டின் முகமது கியாசுதீன் வழக்கு உள்ளது. வேலை வாங்கித் தருவதாகக் கூறி இளைஞர்களிடம் பணம் பெற்று ஏமாற்றியவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் அதனைப் பதினெட்டு மாதங்களாகக் குறைத்தார். குற்றம் ஒருவகை நோய் போன்றது, குற்றவாளி பொதுவாக மீட்கப்படக்கூடியவர், பழிவாங்குவதை விட மறுவாழ்வு அளிப்பதே அரசின் கடமை என்பது அவர் கூற்றின் சாரம். சிறையில் அவருக்கு ஏற்ற வேலை தரவும், அதற்குக் கூலி வழங்கவும் அவர் ஆணையிட்டார். இங்கு நீதிபதியின் பார்வை அம்மனிதரின் வருங்காலத்தின் மீது படிகிறது. ஆகவே இது சீர்திருத்தக் கோட்பாடு.

இவ்விரண்டும் எளியவை. ஒரே வழக்கில் கோட்பாடுகள் கலந்து வரும்போதுதான் நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். அத்தகைய வழக்கு ஒன்று நம் மைசூருவிலேயே நடந்துள்ளது.

1993 ஏப்ரல் 9 அன்று, மலை மாதேசுவரா மலைக்கு அருகில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலாற்றுப் பகுதியில் கண்ணிவெடிகள் வெடித்தன. வீரப்பனைத் தேடிச் சென்ற குழுவினரில் 22 பேர் உயிரிழந்தனர். காவலர்களும் வனத்துறையினரும் தகவல் தருவோரும் அவர்களுள் இருந்தனர். தடாச் சட்டத்தின் கீழ் மைசூருவில் அமைந்த தனி நீதிமன்றம் இவ்வழக்கை விசாரித்து, 2001 செப்டம்பரில் தீர்ப்பு வழங்கியது. தண்டிக்கப்பட்டவர்களுள் நால்வர் ஆயுள் தண்டனையை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தனர். ஆனால் அந்நீதிமன்றம் தாமாகவே முன்வந்து தண்டனையை உயர்த்தி, 2004 ஜனவரி 29 அன்று நால்வருக்கும் மரண தண்டனை விதித்தது. குற்றம் அதுவே, சான்றுகளும் அவையே. மாறியது தண்டனையின் அளவு மட்டுமே.

அத்தீர்ப்பின் இரு கருத்துகளை எடுத்துக்கொள்வோம். இவர்கள் சமுதாயத்திற்குப் பேரச்சுறுத்தலாக உள்ளனர் என்பது ஒன்று. இதற்குக் கடுந்தண்டனை விதிக்காவிடில் அது நீதியை எள்ளி நகையாடுவதாகும் என்பது மற்றொன்று. முதற்கருத்து வருங்காலத்தை நோக்குகிறது. எனினும் அது பிறரை அச்சுறுத்துவதைப் பேசவில்லை. இவர்களிடமிருந்து மக்களைக் காப்பதைப் பேசுகிறது. இதனைத் தடைசெய்தல் கோட்பாடு என்று தனியே வகைப்படுத்துவாரும் உளர். மூன்றனுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தால் தடுத்தலுக்கே இது அணுக்கமானது. இரண்டாம் கருத்தோ நடந்த செயலின் கொடுமையை அளவுகோலாகக் கொள்கிறது. அது தகுதண்டனைக் கோட்பாடு. ஒரே தீர்ப்பில் இரண்டும் இருப்பதால், முழுத் தீர்ப்புக்கும் ஒரு பெயரிடாமல், தரப்பட்ட தொடருக்கு மட்டுமே விடை எழுத வேண்டும்.

வழக்கு அத்துடன் முடியவில்லை. நால்வரின் கருணை மனுக்கள் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் முடிவின்றிக் கிடந்து, 2013 பிப்ரவரியில் நிராகரிக்கப்பட்டன. அவர்கள் மீண்டும் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். 2014 ஜனவரி 21 அன்று தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான மூவர் அமர்வு, சத்ருகன் சவுகான் வழக்கில், இந்நால்வர் உட்படப் பதினைவரின் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. நம் மக்களாட்சி நாட்டில் பழிவாங்கலுக்கு அரசமைப்புச் சட்டத்தில் மதிப்பில்லை என்பது அத்தீர்ப்பில் வரும் கருத்து.

இக்கூற்று வினாவாக வந்தால் மாணவர் பலர் சீர்திருத்தக் கோட்பாடு என எழுதிவிடுவர். பழிவாங்கல் மறுக்கப்பட்டது, தண்டனையும் குறைந்தது, ஆகவே சீர்திருத்தம் என்பது அவர்களின் எண்ணம். அது பொருந்தாது. நால்வரும் திருந்திவிட்டனர் என்பது நீதிமன்றம் கூறிய காரணம் அன்று. காரணமின்றிப் பல்லாண்டுகள் சாவை எதிர்நோக்கி வைத்திருப்பது, வாழ்வுரிமையைக் காக்கும் அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் உறுப்புக்கு முரணான கொடுமை என்பதே காரணம். தடாச் சட்டத்தின் கீழ்த் தண்டிக்கப்பட்டவர்க்கும் இப்பாதுகாப்பு உண்டு என்றது அமர்வு. இது தண்டனையின் நோக்கம் பற்றியது அன்று. தண்டிக்கும் அரசுக்கு உள்ள எல்லை பற்றியது. எனவே அக்கூற்று தகுதண்டனைக் கோட்பாட்டை மறுக்கிறது என்ற அளவில் விடையை நிறுத்த வேண்டும். ஒன்றை மறுப்பது மற்றொன்றை ஏற்பதாகாது.

இருபத்திரண்டு உயிர்களை இழந்த குடும்பங்களுக்கு இம்முடிவு நிறைவளிக்குமா என்ற வினா இதனால் தீர்ந்துவிடுவதில்லை. தகுதண்டனைக் கோட்பாடு இன்றும் மறையாதிருப்பதற்கு அவ்வினாவே காரணம்.

பயிற்சி

கீழ்வரும் கூற்றுகள் பயிற்சிக்காக அமைக்கப்பட்டவை. ஒவ்வொன்றும் எக்கோட்பாட்டைச் சார்ந்தது எனக் காரணத்துடன் எழுதுக.

1. இவன் இளைஞன், தொழிற்பயிற்சி பெற்றால் நேர்மையாக வாழ இயலும்.
2. இதனை எளிதாக விட்டால் நாளை ஊரெங்கும் கலப்படம் பெருகும்.
3. உதவியற்ற முதியவரைத் தாக்கிய இச்செயலுக்கு இதனினும் குறைந்த தண்டனை ஈடாகாது.
4. விசாரணைக் கைதியாகவே இவர் ஏழாண்டுகள் கழித்துவிட்டார். இனியும் சிறையில் வைப்பது முறையன்று.

விடைக்குறிப்பு: 1. குற்றவாளியின் வருங்காலம், சீர்திருத்தம். 2. பிறரின் வருங்காலச் செயல், அச்சுறுத்தித் தடுத்தல். 3. நடந்த செயலின் அளவு, தகுதண்டனை. 4. மூன்றிலும் சேராது, அரசின் அதிகாரத்திற்கு உள்ள எல்லையைக் கூறுகிறது.